விக் கழன்ற ராத்திரி

1990 பிரெஞ்சு ஓபன் இறுதிப்போட்டி. 20 வயது ஆந்த்ரே அகாசி முதல் கிராண்ட்ஸ்லாம் பட்டத்துக்காகக் களமிறங்குகிறார். அந்தக் காலத்தில் அவருடைய ஆட்டத்துக்குச் சமமாக அவருடைய நீள முடியும் பிரபலம். ஆனால் அது விக்! முந்தின ராத்திரி குளிக்கும்போது பிய்ந்துபோய்விட்டது. அண்ணனும் அவரும் சேர்ந்து ஹேர்பின்களைக் குத்திக் குத்தி அதை ஒருவழியாக நிறுத்தியிருக்கிறார்கள். மறுநாள் அவர் பயந்ததெல்லாம் விக் கழன்று விழுந்துவிடுமோ என்றுதான். ஆண்ட்ரெஸ் கோமெஸிடம் தோற்றார்.

அவரே இதை 2009இல் தன் சுயசரிதையான ‘ஓபன்’ புத்தகத்தில் சொன்னபோது எல்லோரும் வாய் பிளந்தார்கள். அந்த எழுத்துக்குப் பின்னால் இருந்தவர் ஜே.ஆர். மொரிங்கர், புலிட்சர் பரிசு பெற்ற பத்திரிகையாளர். அகாசி தன் கடைசிப் போட்டியான 2006 யு.எஸ். ஓபன் சமயத்தில் மொரிங்கரின் நினைவுக்குறிப்பு நூலைப் படித்து மயங்கி, அவரைத் தேடிப் பிடித்தார். மொரிங்கர் லாஸ் வேகாஸுக்கே குடிபெயர்ந்தார். பதிவான பேச்சு சுமார் 250 மணி நேரம்! மணிக்கு 7,000 சொற்கள் என்று குறைவாக வைத்தாலும் 17.5 லட்சம் சொற்கள். அதிலிருந்து 400 பக்கத்துக்குள் அடங்கும் ஒரு புத்தகம். அட்டையில் தன் பெயர் வேண்டாம் என்றவரும் மொரிங்கரேதான். நன்றியுரையில் அகாசி அவருடைய பங்கை மனம்விட்டு எழுதியிருக்கிறார்.

இப்போது இதே வேலையை 2008இல் ஏஐயிடம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள். அந்தப் போட்டியைப் பற்றி அதுவரை அச்சான செய்தி, பேட்டி, புகைப்படம் எல்லாவற்றிலும் இருந்தது பறக்கும் பொன்னிற முடி. அதைப் படித்த இயந்திரம், பாரிஸ் காற்றில் முடி அலைபாய அகாசி மைதானத்துக்குள் நுழைந்ததாக அழகாக ஒரு பத்தி எழுதியிருக்கும். படிக்கக் குறையே தெரியாது. ஆனால் வெளியில் பதிவானதுதான் அதன் கையில் இருந்திருக்கும். ஒருவர் வெளியில் சொல்லாமல் வைத்திருந்ததைக் கேட்டு வாங்கத்தான் நிழல் எழுத்தாளருக்குச் சம்பளம்.

சரி, 250 மணி நேரப் பதிவையும் அதனிடமே கொடுத்துவிட்டால்? தேடவும் கால வரிசைப்படுத்தவும் பிரமாதமாக உதவும், அதில் சந்தேகமில்லை. சிக்கல் பேச்சு அறுந்துபோகும் இடத்தில்தான் வருகிறது. ஓய்வுபெற்ற ஒரு வியாபாரி சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “அன்னிக்கு அப்பா கடையைச் சாத்திட்டார். அப்புறம் திறக்கவே இல்லை.” அவ்வளவுதான், பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. ஏஐ தரும் வரைவில் வெளியே மழை பெய்யும், அப்பாவின் கை நடுங்கும், மகன் கண்ணில் நீர் கோக்கும். இவற்றில் ஒன்றுகூட அவர் சொன்னதில்லை. நல்ல நிழல் எழுத்தாளர் அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு மறுநாள் போய்க் கேட்பார்: “சாவி அப்புறம் யார்கிட்ட இருந்துச்சு?” அதற்கு வரும் பதில் மழையைவிட நூறு மடங்கு நன்றாக இருக்கும். வரைவைச் சோதிக்கும் வழியும் இதுவே: ஒவ்வொரு காட்சியிலும் உள்ள வானிலை, நிறம், வசனம் இவற்றுக்குப் பக்கத்தில் பதிவின் நிமிடக் கணக்கைக் குறித்துக்கொண்டே வாருங்கள். குறிக்க முடியாதவை யாரோ இட்டு நிரப்பியவை.

மனிதர்கள் எழுதினால் பிழையே வராதா? வரும். இளவரசர் ஹாரியின் ‘ஸ்பேர்’ (2023) நூலுக்கும் மொரிங்கர்தான். 1997இல் தன் 13ஆம் பிறந்தநாளுக்கு அம்மா வாங்கி வைத்திருந்த எக்ஸ்பாக்ஸ் கிடைத்ததாக ஹாரி அதில் சொல்கிறார். எக்ஸ்பாக்ஸ் விற்பனைக்கு வந்ததோ 2001இல்! இருந்தாலும் இதை நான் மழையோடு சேர்க்க மாட்டேன். அம்மாவை இழந்த ஒரு பையனின் நினைவு பொருளை மாற்றிப் போட்டிருக்கிறது. தவறாகவேனும் நினைவுகூர ஒரு மனிதர் இருக்கிறார். அந்த மழையை நினைவுகூர யாருமே இல்லை. சுயசரிதைக்குக் காசு கொடுப்பவர் வாங்குவது ஒருவருடைய நினைவை. அது இல்லாத பக்கத்தை அவர் தலையில் கட்டக்கூடாது.

ஆனால் வாங்குகிறவருக்கு இது எப்படித் தெரியும்? அமேசானின் கேடிபியில் புத்தகம் போடுகிறவர்கள், உரை ஏஐ உருவாக்கியதா என்று 2023 செப்டம்பரிலிருந்து நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். தானே எழுதியதை ஏஐயைக் கொண்டு திருத்தியிருந்தால் தெரிவிக்கத் தேவையில்லை. விதி வந்தபோது அந்தப் பதில் நிறுவனத்தோடு நின்றது. வாங்குகிறவர் பார்க்கும் பக்கத்தில் போடவில்லை. எனக்கு வேண்டியது நன்றியுரையில் நான்கே வரி: யார் கேட்டார், எத்தனை மணி நேரம் பதிவானது, வரைவை எழுதியது மனிதரா இயந்திரமா, கதை சொன்னவரிடம் பதிவில் இல்லாத காட்சிகளைத் திரும்பப் படித்துக் காட்டினார்களா. பதிப்பாளர்களே, அந்தப் பக்கத்தில் இடம் நிறையவே இருக்கிறது!