குளிரில் உக்காத கோப்பை

ஹட்டன் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் இப்போது பச்சை இலைச் சின்னம் போட்ட சாமான்கள் நிறையத் தொங்குகின்றன. சோறு கட்டும் லஞ்ச் சீட், தேத்தண்ணிக் கோப்பை, கைப்பிடி வைத்த பை, ஸ்டீல் ஸ்ட்ரோ என்று எதை எடுத்தாலும் ‘ஈகோ ஃப்ரெண்ட்லி’, ‘பயோடிகிரேடபிள்’, ‘கம்போஸ்டபிள்’ என்று ஏதோ ஒன்று அச்சடித்திருக்கிறது. சாதாரணப் பொருளை விட விலையும் கூடுதல். நாட்கூலியில் குடும்பம் நடத்தும் ஒருவர் அந்தக் கூடுதல் காசைக் கொடுக்கும்போது, எழுதியிருப்பது உண்மையா என்று கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு.

இந்தச் சாமான்கள் வந்ததற்குக் காரணம் சட்டம்தான். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் முதலாம் திகதி பொலித்தீன் லஞ்ச் சீட்டும், ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும், 20 மைக்ரோனும் அதற்குக் குறைவுமான பொலித்தீனும் தடை செய்யப்பட்டன. 2023 ஒக்டோபரில் ஒருமுறை மட்டும் பாவிக்கும் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, தட்டு, கரண்டி, இடியப்பத் தட்டு, மாலை போன்றவையும் தடைக்குள் வந்தன. 2025 நவம்பர் முதல் கடைகள் பொலித்தீன் சொப்பிங் பேக்கை இலவசமாகக் கொடுக்கக் கூடாது. அதன் விலையைக் கடையில் காட்டி, பில்லிலும் போட வேண்டும். தடைகள் நல்லவை. ஆனால் தடுத்த பொருளின் இடத்தைப் பிடிக்க வரும் மாற்றுப் பொருள் சொல்வதையெல்லாம் செய்கிறதா என்பது வேறு கேள்வி.

அதிலும் நம் மலைநாட்டுக்கு என்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் ‘கம்போஸ்டபிள்’ கோப்பையை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் அது சோளம், கரும்பு போன்றவற்றின் மாப்பொருளிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் செய்த பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக். ‘சோளத்தில் செய்தது’ என்று விற்கிறார்கள், அது பொய் இல்லை. உக்கும் என்பதும் பொய் இல்லை. ஆனால் எங்கே உக்கும்? ஐரோப்பாவின் ஈ.என். 13432 என்ற தரம் இதற்கு அளவுகோல் வைத்திருக்கிறது: 12 வாரத்தில் துண்டு துண்டாகி, பத்தில் ஒன்பது பங்கு 2 மில்லிமீற்றர் சல்லடை வழியே விழ வேண்டும், ஆறு மாதத்துக்குள் பத்தில் ஒன்பது பங்கு கரிவாயுவாக மாறிவிட வேண்டும். இந்தச் சோதனை நடப்பது ஏறக்குறைய 58 பாகை செல்சியஸ் சூட்டில். ஆலை போல நடத்தும் பெரிய பசளைக் கூடத்தில்தான் அந்தச் சூடு வாரக்கணக்காக நிற்கும்.

நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகைக்குப் பக்கத்தில். ஜனவரி விடியற்காலையில் புல்லில் உறைபனி படிகிற ஊர் அது. ஹட்டன் சற்றுச் சூடு, அவ்வளவுதான். லயத்துக்குப் பின்னால் உள்ள மரக்கறித் தோட்டத்தில் தோண்டிய குழி, மழையில் ஊறிக் குளிர்ந்து கிடக்கும். சாணமும் இலைதழையும் சேர்த்து ஒரு மீற்றர் நீள, அகல, உயரத்துக்குக் குவியல் போட்டுப் புரட்டி எடுத்தால், நடுவில் சில நாளைக்கு நல்ல சூடு ஏறும், பிறகு இறங்கிவிடும். பி.எல்.ஏ. கோப்பை உக்க அது போதாது. அது பல வருடம் கோப்பையாகவே கிடக்கும், அல்லது உடைந்து சில்லாகக் கிடக்கும்.

தேயிலைக்காரர்களான நமக்கு நெருக்கமான சாட்சியம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் உக்கக்கூடியவை என்று விற்கப்படும் தேயிலைப் பைகளை மண்ணில் ஏழு மாதம் புதைத்து வைத்துப் பார்த்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். முழுக்க பி.எல்.ஏ.யில் செய்த பை சேதமில்லாமல் அப்படியே வெளியே வந்தது. மரநாரும் பி.எல்.ஏ.யும் கலந்த பைகளில் நார் போய்விட்டது, பி.எல்.ஏ. மிஞ்சியது. நம் மலைக் கொழுந்தை உலகத்துக்குக் கொண்டுபோகும் ‘பசுமை’ பையின் கதை இது.

இன்னொரு பக்கமும் உண்டு. உக்க வைக்கும் கூடத்துக்குக் கோப்பை போய்ச் சேர வேண்டுமென்றால், முதலில் குப்பை எடுக்க யாராவது வர வேண்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் இருந்த தடையால், தோட்டத்துக்குள் சபைகள் செலவு செய்ய முடியாமலே முப்பது வருடம் போனது. 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. இன்றும் எத்தனையோ டிவிஷன்களில் குப்பை போகுமிடம் லயத்தின் பின்கோடியும் ஆற்றோரமும்தான். ‘உரிய வசதியுள்ள இடத்தில் உக்கும்’ என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும் பொருளை, அந்த வசதி இல்லாத இடத்தில் பச்சை இலை காட்டி விற்பதை நேர்மை என்று என்னால் சொல்ல முடியாது.

இதைவிட மோசமானது ‘பயோடிகிரேடபிள்’ என்று மட்டும் போட்ட பொலித்தீன். எவ்வளவு காலத்தில், எந்தச் சூட்டில், எந்தத் தரத்தின்படி என்று ஒன்றும் இருக்காது. இவற்றில் ஒரு வகை, சாதாரணப் பொலித்தீனில் உலோக உப்பைக் கலந்து செய்வது. வெயிலும் காற்றும் பட்டால் அது நொறுங்கும். நொறுங்குவதைப் பார்த்து உக்கிவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் கண்ணுக்குத் தெரியாத தூளாகி மண்ணிலும் ஓடைத் தண்ணீரிலும் கலக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதல் இந்த வகையை முழுவதுமாகத் தடை செய்தது. அதே பிளிமத் பல்கலைக்கழகத்தில் 2019இல் வெளியான ஆய்வொன்றில், ‘பயோடிகிரேடபிள்’ பையை மூன்று வருடம் மண்ணிலும் கடலிலும் போட்டு எடுத்த பிறகும் அதில் கடைச்சாமான் தூக்க முடிந்தது.

லஞ்ச் சீட் வாங்கும்போது வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. சீட்டில் நகத்தளவு துண்டு வெட்டுங்கள். ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள். துண்டில் காற்றுக் குமிழி ஒட்டாமல் இருக்கத்தான் அது. துண்டைக் கரண்டியால் அடிவரை அமுக்கி விட்டுவிடுங்கள். பொலித்தீன் தண்ணீரை விட எடை குறைந்தது, அதனால் மேலே வந்து மிதக்கும். உக்கும் சீட்டுகள் செய்யப் பாவிக்கும் பி.எல்.ஏ., பி.பி.ஏ.டி. போன்றவை தண்ணீரை விடக் கனம், அவை மூழ்கும். ‘உக்கும்’ என்று எழுதிய சீட் மிதந்தால் அது பெரும்பாலும் பொலித்தீன்தான் என்று சந்தேகப்படலாம். ஆனால் மூழ்கிவிட்டது என்பதற்காக நம்பிவிடக் கூடாது. சுண்ணாம்புத் தூள் அதிகம் கலந்த பொலித்தீனும் மூழ்கும், உக்காத வேறு பிளாஸ்டிக்குகளும் மூழ்கும். ஆகவே மூழ்கினால் அடுத்ததாக உறையைப் பாருங்கள்: தரத்தின் இலக்கம், சான்றிதழ் கொடுத்த நிறுவனத்தின் பெயர், வீட்டுக் குழியில் உக்குமா ஆலையில் மட்டுமா என்ற விபரம். வீட்டுக் குழியில் உக்கும் என்று சான்று வாங்கிய பொருட்கள் 20 முதல் 30 பாகைச் சூட்டில் சோதிக்கப்படுகின்றன. நமக்குக் கொஞ்சமாவது பொருந்துவது அந்த வகை ஒன்றுதான். எங்கள் குளிருக்கு அதுகூட உறையில் சொன்னதை விட அதிக காலம் எடுக்கும். வாழையிலையில் சோறு கட்டுகிறவருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை.

பைக்கு வருவோம். கடையில் ‘துணிப்பை’ என்று கொடுக்கும் பலவற்றில் நூலே கிடையாது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: நெடுக்கும் குறுக்குமாக நெய்த இழை தெரியாமல், சூட்டில் அழுத்திய சிறு புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால், அது பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். அதில் தப்பில்லை, துணி என்று விற்பதுதான் தப்பு. பருத்தி என்றவுடன் புண்ணியம் என்றும் நினைத்துவிட வேண்டாம். பிரித்தானியச் சுற்றாடல் முகவரகம் 2011இல் போட்ட கணக்குப்படி, ஒரே தடவை பாவித்து எறியும் மெல்லிய பொலித்தீன் பையை விடப் பருவநிலைக்குக் குறைவான தீங்கு செய்ய, பருத்திப் பையை 131 தடவை பாவிக்க வேண்டும். புள்ளி அழுத்திய அந்தப் பிளாஸ்டிக் பைக்கு 11 தடவை போதும். சம்பளத்துக்குப் பிறகு வாரம் ஒருமுறை கடைக்குப் போகிற வீட்டில் ஒரு பருத்திப் பை இரண்டரை வருடம் உழைக்க வேண்டும். வீட்டுக்கு ஒன்று போதும். கூட்டத்துக்குக் கூட்டம் பெயர் அச்சடித்து இலவசமாகக் கொடுக்கும் பைகள் சுற்றாடலுக்கு நன்மையே செய்வதில்லை. வெற்று உர மூட்டையைக் கழுவித் தைத்துப் பையாக்கி வருடக்கணக்காகத் தூக்கும் நம் பெண்கள் இந்தக் கணக்கில் எல்லோருக்கும் முன்னால் நிற்கிறார்கள். பூச்சிமருந்து பட்ட மூட்டையில் மட்டும் உணவுச் சாமான் போட வேண்டாம்.

ஸ்டீல் ஸ்ட்ரோ பற்றிச் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது. பெல்ஜியத்தில் 2023இல் 39 வகை ஸ்ட்ரோக்களைச் சோதித்தபோது, எளிதில் அழியாத பி.எஃப்.ஏ.எஸ். இரசாயனங்கள் 20 கடதாசி வகைகளில் 18இல் கிடைத்தன. ஸ்டீல் வகைகள் ஐந்திலும் கிடைக்கவில்லை. ஆகவே ஸ்ட்ரோ கட்டாயம் தேவைப்படும் நோயாளிக்கும் மாற்றுத்திறனாளிக்கும் ஸ்டீல் நல்ல தெரிவு, தூரிகை போட்டுக் கழுவினால். கிளாஸில் வாய் வைத்துக் குடிக்க முடிந்தவருக்கு அதை ‘பூமியைக் காக்கும்’ என்று விற்பது வியாபாரம். தேவையில்லாமல் உருக்கிய இரும்பு எதையும் காப்பதில்லை.

ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் என்ன செய்யலாம்? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், தவறாக வழிநடத்தும் வியாபாரத்தையும் பொருளின் தரம், சேர்க்கை பற்றிய பொய்க் கூற்றையும் குற்றமாக்கியிருக்கிறது. முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பில் கேட்டால் கடைக்காரர் கொடுத்தே ஆக வேண்டும். ஆகவே கேட்டு வாங்குங்கள். விசாரணையில் தவறு நிரூபணமானால் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பவோ சபை உத்தரவிடலாம். முறைப்பாட்டைத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை தருகிறது. தடை செய்த சீட்டையோ ஸ்ட்ரோவையோ இன்னும் விற்கிறார்கள் என்றால் அது மத்திய சுற்றாடல் அதிகார சபையின் விடயம்.

கடிதத்தில் ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தக் கடை, என்ன திகதி, என்ன விலை, உறையில் என்ன வாசகம், தரத்தின் இலக்கம் இருந்ததா இல்லையா என்று எழுதுங்கள். தண்ணீரில் போட்டபோது மிதந்தது என்றால் அதையும் எழுதுங்கள். பில்லின் பிரதியையும் உறையின் படத்தையும் பாவிக்காத ஒரு சீட்டையும் இணைத்து, நுவரெலியா மாவட்டச் செயலகத்தில் உள்ள பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக் காரியாலயத்தில் கொடுக்கலாம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.