மூச்சடக்கும் நேரம் எதை அளக்கிறது?

புதுச்சேரி ஜிப்மரின் உடலியங்கியல் துறையில் டாக்டர் மதன்மோகனும் உடன் பணியாற்றியவர்களும் 27 மாணவர்களுக்குப் 12 வாரம் யோகப் பயிற்சி அளித்து, முன்னும் பின்னும் சில அளவுகளை எடுத்தார்கள். முடிவுகள் 1992இல் வெளியாயின. அவற்றில் ஒன்று, மாணவர்களால் எவ்வளவு நேரம் மூச்சை அடக்க முடிகிறது என்பது. காற்றை வெளியே விட்டபின் அடக்கும் நேரம் சராசரியாக 32 விநாடியிலிருந்து ஏறக்குறைய 45 விநாடியாக உயர்ந்தது. காற்றை உள்ளே இழுத்தபின் அடக்கும் நேரம் சுமார் 64 விநாடியிலிருந்து 89 விநாடிக்குப் போனது.

மூன்றே மாதத்தில் கூடிய இந்த விநாடிகள் எங்கிருந்து வந்தன? நுரையீரல் பெரிதாகிவிட்டது என்றுதான் பலரும் நினைப்பார்கள். வளர்ந்த ஒருவரின் நுரையீரல் 12 வாரத்தில் அப்படிப் பெரிதாவதில்லை. மாற்றம் பெரும்பாலும் வேறோர் இடத்தில் நடக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், மெதுவாக மூச்சுவிடும் பயிற்சிக்கும் மன அமைதிக்கும் உள்ள தொடர்பும் தெளிவாகும்.

மூச்சை அடக்கிப் பாருங்கள். முதல் சில விநாடிகளில் ஒன்றும் தெரியாது. பிறகு நெஞ்சுக்குள் ஓர் உந்துதல் தொடங்கும். இன்னும் அடக்கினால் உதரவிதானம் தானாகவே துள்ள ஆரம்பிக்கும். கடைசியில், வேண்டாம் என்று நினைத்தாலும் வாய் திறந்து காற்றை இழுத்துவிடும். அந்தக் கணம்தான் முறியும் புள்ளி. ஆக்சிஜன் தீர்ந்துபோனதால் அது வருவதில்லை. சாதாரணமாக ஓரிடத்தில் உட்கார்ந்து அடக்குபவருக்கு அந்தக் கணத்திலும் ரத்தத்தில் போதுமான ஆக்சிஜன் இருக்கும். உந்துதலைப் பெரிதும் தூண்டுவது வெளியேற வழியின்றிச் சேரும் கரியமில வாயு. மூளைத்தண்டில் உள்ள உணரிகள் அதைக் கண்டு மூச்சுவிடச் சொல்லி வற்புறுத்துகின்றன.

ஆனால் வாயுவின் அளவு மட்டுமே முடிவு செய்வதில்லை. 1954இல் ஃபவுலர் என்ற ஆய்வாளர் செய்த சோதனை இதைக் காட்டியது. மூச்சை அடக்கி முறியும் புள்ளிக்கு வந்தவர்களை, ஆக்சிஜன் குறைந்த, கரியமில வாயு மிகுந்த காற்றைச் சிலமுறை சுவாசிக்க வைத்தார். அவர்களுடைய ரத்தத்துக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை. ஆனாலும் அவர்களுக்கு இதம் கிடைத்தது. மறுபடியும் மூச்சை அடக்க முடிந்தது. நெஞ்சும் உதரவிதானமும் அசைந்ததே அந்த இதத்துக்குக் காரணம். அசையாமல் நிறுத்தப்பட்ட தசைகளிலிருந்து வரும் முறையீடும் சேர்ந்துதான் மூச்சுமுட்டலாக நம்மால் உணரப்படுகிறது. காற்றை இழுத்தபின் கூடுதல் நேரம் அடக்க முடிவதற்கும் இதில் ஒரு விளக்கம் உண்டு. நுரையீரலில் கையிருப்பு அதிகம் என்பது ஒரு காரணம். விரிந்த நுரையீரலிலிருந்து வேகஸ் நரம்பு வழியாகப் போகும் செய்தி, மூச்சிழுக்கும் தூண்டுதலைச் சற்றுத் தணிக்கிறது என்பது இன்னொன்று.

ஆகவே மூச்சடக்கும் நேரம் நுரையீரலின் அளவை மட்டும் காட்டும் எண் அல்ல. ஓர் அசௌகரியம் எழும்போது நரம்பு மண்டலம் எவ்வளவு சீக்கிரம் பதறுகிறது, அந்தப் பதற்றத்தோடு ஒருவரால் எவ்வளவு நேரம் இருக்க முடிகிறது என்பதையும் அது காட்டுகிறது.

மெதுவாக மூச்சுவிடுவது இதே உந்துதலோடு சிறிது சிறிதாகப் பழகுவதுதான். ஓய்வில் இருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை வரை மூச்சுவிடுகிறார். அதை 6 ஆகக் குறைக்கும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் 10 விநாடி. வெளிமூச்சின் முடிவில் அடுத்த மூச்சுக்கான ஆவல் லேசாக எழும். அவசரப்படாமல் மறுமூச்சைத் தொடங்கப் பழகுகிறோம். இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னார்டியின் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வு, நிமிடத்துக்கு 6 மூச்சு விடும்போது கரியமில வாயுவின் ஏற்றத்துக்கும் ஆக்சிஜன் குறைவுக்கும் உடல் காட்டும் எதிர்வினை மட்டுப்படுவதைக் காட்டியது. அபாயமணி அடிக்கும் எல்லை சற்றுத் தள்ளிப்போகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

அமைதிக்கான வழி இதை ஒட்டியே ஓடுகிறது. மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு மெதுவாக மூச்சுவிட்டால் அதை விரலிலேயே உணரலாம். உள்ளிழுக்கும்போது நாடி சற்று விரையும், வெளிவிடும்போது தளரும். வெளிமூச்சின்போது வேகஸ் நரம்பு இதயத்தின் மேல் தன் பிடியை இறுக்குவதால் அந்தத் தளர்வு வருகிறது. மூச்சு மெதுவாக ஆக, இந்த ஏற்றத் தாழ்வு பெரிதாகும். நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற வேகத்தை ஒட்டி அது உச்சத்தை நெருங்குகிறது.

மாணவர்களிடம் இந்த விளைவு நிலைக்கிறதா என்பதையும் ஜிப்மரே சோதித்திருக்கிறது. பால், வேல்குமாரி, மதன்மோகன் மூவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில் 60 மருத்துவ மாணவர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழு மெதுவான மூச்சுப் பயிற்சியையும் மற்றது வேகமான பயிற்சியையும் 3 மாதம் செய்தன. மெதுவாகப் பயின்றவர்களிடம் உடலைத் தணிக்கும் பாராசிம்பதெடிக் நரம்புகளின் செயல்பாடு கூடி, முடுக்கிவிடும் சிம்பதெடிக் செயல்பாடு குறைந்தது. வேகமாகப் பயின்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

2013இல் அதே நிறுவனத்திலிருந்து வந்த இன்னோர் ஆய்வு படத்தை இன்னும் நுட்பமாக்கியது. 90 மாணவர்கள் மூன்று குழுக்களாக இருந்தார்கள். நாடிசோதனம் போன்ற மெதுவான பிராணாயாமம் ஒரு குழுவுக்கு. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமானவை இன்னொன்றுக்கு. மூன்றாவது குழுவுக்குப் பயிற்சியே இல்லை. 12 வாரத்துக்குப் பிறகு கேள்வித்தாள் மூலம் மன அழுத்தத்தை அளந்தபோது, பயிற்சி செய்த இரு குழுக்களிலுமே அது குறைந்திருந்தது. ஆனால் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் மெதுவான குழுவில்தான் தெளிவாக இறங்கின. அமைதியாக இருக்கிறேன் என்று ஒருவர் சொல்வதும் உடல் அமைதியடைவதும் எப்போதும் ஒன்றாகவே நடப்பதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. வாரத்தில் சில நாட்கள் சேர்ந்து உட்கார்ந்து, மனத்தை ஓரிடத்தில் வைத்து ஒன்றைச் செய்வதே மாணவருக்கு ஓர் ஆறுதலைத் தரக்கூடும். மூச்சின் வேகத்தால் வரும் பலன் அதற்கும் மேலானது.

இனி முதலில் பார்த்த 27 மாணவர்களின் எண்களுக்குத் திரும்பி, அவற்றைக் கொஞ்சம் கண்டிப்போடு பார்க்க வேண்டும். அவர்கள் கற்றது யோகப் பயிற்சி. மூச்சை மட்டும் தனியாக அல்ல. கூடிய 12 விநாடியில் மூச்சுப் பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. அடுத்து, சராசரி உயர்ந்தபோது மாணவர்களுக்கு இடையேயான வித்தியாசமும் அதிகரித்தது. சிலர் நிறையக் கூட்டியிருக்கிறார்கள், சிலர் சிறிதளவே என்பது இதன் பொருள். எனவே, எல்லாருக்கும் 12 விநாடி கூடும் என்று எந்த ஆசிரியரும் வாக்குக் கொடுக்க முடியாது.

மூன்றாவதாக, மூச்சடக்கும் சோதனையே கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்று. இரண்டாம் முறை செய்பவருக்கு அந்த உந்துதல் புதிதல்ல, பயம் குறைந்திருக்கும், நேரம் கூடும். பக்கத்து மாணவர் 50 விநாடி தாங்கினார் என்று தெரிந்தாலே இவர் 55 விநாடிக்கு முயல்வார். அதனால்தான் பயிற்சி செய்யாத ஒரு குழுவையும் அதே நாட்களில், அதே முறையில் அளந்து ஒப்பிட வேண்டியிருக்கிறது. அவர்களுக்கும் 5 விநாடி கூடியிருந்தால், பயிற்சிக் குழுவுக்குக் கூடிய 12இல் 5ஐப் பயிற்சியின் கணக்கில் எழுத முடியாது.

ஒரு வகுப்பில் இதைச் செய்துபார்க்க விரும்பும் ஆசிரியருக்கு வழி எளிது. மாணவர்கள் சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆன பிறகு, உட்கார்ந்து 5 நிமிடம் ஓய்வெடுக்கட்டும். இயல்பாக ஒரு மூச்சை வெளியே விட்டு, மூக்கை விரலால் பிடித்து, வாயை மூடி, மூச்சுவிட வேண்டும் என்ற முதல் தெளிவான ஆவல் எழும் வரைக்கும் மட்டும் அடக்கட்டும். முறியும் புள்ளி வரை போக வேண்டாம். நடுவே சில நிமிடம் இடைவெளி விட்டு மூன்று முறை அளந்து சராசரியைக் குறித்துக்கொள்ளலாம். ஒருவர் எடுத்த நேரம் இன்னொருவருக்குத் தெரியக் கூடாது. அளந்தது சரியா என்று அறிய ஒரு வழி உண்டு: அடக்கியபின் வரும் முதல் மூச்சு இயல்பாக இருக்க வேண்டும். அது ஆவேசமான இழுப்பாக இருந்தால் எல்லையைத் தாண்டி அடக்கியிருக்கிறார் என்று பொருள்.

பயிற்சியைத் தொடங்குபவர் உடனே 6 மூச்சுக்கு வர வேண்டியதில்லை. 3 எண்ணும் வரை உள்ளே, 4 எண்ணும் வரை வெளியே என்று முதல் வாரம் போதும். இரைக்காமல் அது கைகூடிய பிறகு 4க்கு 6 என்று நீட்டலாம். காற்று மூக்கு வழியாகப் போய்வர வேண்டும். வயிறு மெல்ல எழுந்து தாழ வேண்டும்; தோள் உயரக் கூடாது. ஒரு நாளைக்கு 10 நிமிடம் போதுமானது.

பலரும் தவறுவது ஓரிடத்தில்தான். மெதுவாக என்று சொன்னதும் ஆழமாக, நெஞ்சு விம்ம இழுத்துவிடுகிறார்கள். மூச்சின் எண்ணிக்கை குறைந்தாலும் மொத்தக் காற்று அதிகமாகி, கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறிவிடுகிறது. தலை லேசாகச் சுற்றுவது, உதடும் விரல் நுனியும் மரத்துப்போவது இதன் அடையாளங்கள். அப்போது பயிற்சியை நிறுத்தி இயல்பாக மூச்சுவிட்டாலே சரியாகிவிடும். அடுத்த முறை இழுக்கும் அளவைக் குறைக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, நடுநடுவே பெருமூச்சு வந்தால் எண்ணிக்கையை அளவுக்கு மீறி நீட்டிவிட்டார் என்று பொருள். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, அடிக்கடி வரும் பீதித் தாக்குதல் உள்ள மாணவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே மூச்சை அடக்கிப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு விதிக்கு விலக்கே கிடையாது. நேரத்தைக் கூட்டுவதற்காக முன்கூட்டியே வேகவேகமாக மூச்சுவிடக் கூடாது; தண்ணீருக்குள் அறவே கூடாது. வேக மூச்சு கரியமில வாயுவை வெளியேற்றிவிடுவதால் உந்துதல் வரத் தாமதமாகும். அதற்குள் ஆக்சிஜன் குறைந்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமலே மயக்கம் வந்துவிடும். நீச்சல் குளத்தில் இப்படிச் செய்து உயிரிழந்தவர்கள் உண்டு.

இந்த விதியே மூச்சடக்கும் நேரத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது. உந்துதலை ஏமாற்றியும் அந்த எண்ணை ஏற்ற முடியும், அது ஆபத்து. உந்துதலோடு பழகியும் ஏற்ற முடியும்; அதுவே பயிற்சி. ஆகவே ஆசிரியர் விநாடிகளை மட்டும் பார்க்காமல், அவற்றின் அருகே வேறு இரண்டையும் குறிக்க வேண்டும்: ஓய்வில் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, எத்தனை நாடித்துடிப்பு. 12 வாரத்தில் விநாடிகள் கூடி இவ்விரண்டும் குறைந்திருந்தால், அந்த மாணவரின் உடல் உண்மையிலேயே தணியக் கற்றிருக்கிறது என்று நம்புவதற்கு நல்ல ஆதாரம் கிடைத்துவிட்டது. விநாடிகள் மட்டும் கூடியிருந்தால், அவர் மூச்சை அடக்குவதில் தேர்ந்திருக்கிறார் என்பதற்கு மேல் எதையும் சொல்ல முடியாது.