இரண்டு மிக்ஸர் பாக்கெட், ஒரு உப்புக் கணக்கு

ஊட்டச்சத்து அட்டவணையைப் படிக்கக் கற்றுத்தரும் வீடியோவின் ஸ்கிரிப்டை இரண்டு பத்தியாக எழுதுவது வழக்கம். இடப்பக்கம் திரையில் தெரிவது, வலப்பக்கம் காதில் விழுவது. குரல் சோடியத்தைப் பற்றிப் பேசும்போது கேமரா சர்க்கரை வரியில் நின்றால் பார்ப்பவருக்கு இரண்டுமே பிடிபடாது. அதனால் ஒரு வீடியோவுக்கு ஒரு கேள்வி போதும். இங்கே இரண்டு மிக்ஸர் பாக்கெட்டுகள். எதில் உப்பு அதிகம் என்பதே கேள்வி.

முதல் குளோசப் பாக்கெட்டின் பின்பக்கத்துக்கு. காற்றடைத்த பளபளப்பு உறையில் எழுத்து வளையும், வெளிச்சம் பட்டுக் கண்ணைக் கூசும். மிக்ஸரைக் கொட்டிவிட்டு, உறையை வெட்டி அட்டையில் ஒட்டி, விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் எழுத்து தெளியும். ஒரு வரியை நெருங்கிக் காட்டும்போதும் அதன் தலைப்பு திரையில் இருக்க வேண்டும். தலைப்பில்லாத எண் எதற்கான அளவு என்று சொல்லாது.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறைப்படி, அட்டவணையில் 100 கிராமுக்கான அளவும், ஒருமுறை சாப்பிடும் அளவு ஒரு நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்பதும் இருக்கும். சோடியத்துக்கு அந்த நாள் கணக்கு 2,000 மில்லிகிராம். குழப்பம் பிறப்பது இந்தச் சதவீதத்தில்தான்.

கணக்குக்காக எண்களை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதல் பாக்கெட் 8 சதவீதம் என்கிறது, இரண்டாவது 10.5. முதலாவதே நல்லது என்று கை நீளும். ஆனால் முதலாவது, ஒருமுறை சாப்பிடுவதை 20 கிராம் என்று வைத்திருக்கிறது. இரண்டாவது 30 கிராம் என்று. கேமரா இப்போது 100 கிராம் பத்திக்கு நகர வேண்டும். அங்கே முதலாவதில் 800 மில்லிகிராம் சோடியம், இரண்டாவதில் 700. உப்பு கூடியது முதலாவதே.

அடுத்த ஷாட்டில் ஒரு தராசும் கிண்ணமும். 20 கிராம் மிக்ஸர் ஒரு சிறு கைப்பிடிதான். டிவி முன்னால் உட்கார்ந்தவர் அதோடு நிறுத்துவது அபூர்வம். 150 கிராம் பாக்கெட்டை முழுதாகத் தின்றால் 1,200 மில்லிகிராம் சோடியம் உள்ளே போகும். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு: 3 கிராம், நாள் கணக்கில் 60 சதவீதம். அந்த உப்பைக் கரண்டியில் எடுத்துக் காட்டுவது எண்ணைவிடச் சீக்கிரம் புரியும்.

மிக்ஸரை மிக்ஸரோடு ஒப்பிட 100 கிராம் பத்தி சரி. மிக்ஸரை ஊறுகாயோடு ஒப்பிட அது உதவாது. ஊறுகாயில் 100 கிராமுக்குச் சோடியம் எவ்வளவோ கூடுதல், ஆனால் இலையில் விழுவது ஒரு துண்டு. அங்கே உண்மையில் சாப்பிடும் அளவை எடைபோட்டுத்தான் கணக்கிட வேண்டும்.