விட்ட வழிகளையும் எழுதி வைக்க வேண்டும்

மென்பொருள் நிறுவனங்களில் எந்த வேலைக்கும் ஒரு டிக்கெட் உண்டு. ‘இந்தப் பக்கத்தில் இப்படி ஒரு கோளாறு’ என்று ஒருவர் பதிவு செய்வார். அதற்கு ஓர் எண் விழும். டெவலப்பரும் டெஸ்டரும் மேலாளரும் அதன் கீழே கமெண்ட் போட்டுப் பேசி, வேலை முடிந்ததும் மூடிவிடுவார்கள். மூடிய டிக்கெட்டை இனி யார் பார்க்கப்போகிறார்கள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் மூன்று வருடம் கழித்து, அப்போது வேலையில் இல்லாத ஒருவர் நிச்சயம் வந்து பார்ப்பார். அவருக்கு அங்கே பெரும்பாலும் கிடைப்பது, “போன்ல பேசிட்டோம், ரெண்டாவது ஆப்ஷன்படி போகலாம்” என்ற ஒற்றை வரி. எது இரண்டாவது, ஏன் முதலாவது இல்லை என்று அதில் இருக்காது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு மருத்துவமனையின் முன்பதிவுச் செயலியில் ‘முதல் பெயர்’, ‘கடைசிப் பெயர்’ என்று இரண்டு பெட்டிகள் இருக்கின்றன, இரண்டுமே கட்டாயம். நம் ஊர்க்காரர்களுக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும்தான். அதனால் கடைசிப் பெயர் பெட்டியில் ஒருவர் வெறும் புள்ளி வைக்கிறார், ஒருவர் ‘க’ என்று போடுகிறார், இன்னொருவர் அப்பா பெயரை முழுதாக எழுதுகிறார். க. முருகேசன் போன முறை ‘முருகேசன் க’ என்றும் இந்த முறை ‘முருகேசன் கந்தசாமி’ என்றும் பதிந்ததால், ஒரே ஆளுக்கு இரண்டு நோயாளி எண்கள். ரத்தப் பரிசோதனை முடிவு ஒன்றில் இருக்க, டாக்டர் இன்னொன்றைத் திறந்து பார்க்கிறார். இதற்காக HOSP-214 என்று ஒரு டிக்கெட் திறக்கிறார்கள். நாற்பது கமெண்டுகள் ஓடுகின்றன. கடைசியில் ஒருவர் இப்படி எழுதி முடிக்கிறார்:

“முடிவு: பெயருக்கு ஒரே பெட்டி. ‘அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர்’ என்று அதன் மேலே இருக்கும்.

காரணம்: இரண்டு பெட்டிகளை ஆளுக்கு ஒரு விதமாக நிரப்புவதால் ஒரே நோயாளிக்கு இரண்டு எண்கள் உருவாகின்றன.

வேண்டாம் என்றவை: (அ) கடைசிப் பெயரைக் கட்டாயமில்லை என்று ஆக்குவது: இனிஷியலை எந்தப் பெட்டியில் போடுவது என்ற குழப்பம் அப்படியே இருக்கும். (ஆ) இனிஷியலுக்குத் தனிப்பெட்டி: குடும்பப் பெயர் உள்ள வெளிமாநில நோயாளிகளுக்குப் பொருந்தாது.

இதனால் இழப்பது: காப்பீட்டுப் படிவம் இரண்டு பெயர் கேட்கிறது. அதைக் கவுண்டரில் இருப்பவர் கையால் நிரப்ப வேண்டும். கவுண்டர் தரப்பு இதை எதிர்த்தது. மாதத்துக்குச் சில படிவங்கள்தான் என்பதால் இப்போதைக்கு ஏற்றுக்கொண்டோம்.

எப்போது மறுபடி பார்ப்பது: காப்பீட்டு நிறுவனத்துடன் நேரடி இணைப்பு வரும்போது.”

இதில் முதல் பத்திதான் மிகக் குறைவாகப் பயன்படுவது. ஒரே பெட்டி என்பது செயலியைத் திறந்தாலே தெரிந்துவிடும். எதையெல்லாம் யோசித்து விட்டார்கள், எதை இழக்கத் துணிந்தார்கள் என்பது மட்டும் வேறு எங்கும் இருக்காது. நிரலைப் புரட்டினாலும் கிடைக்காது. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் பத்தியோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

மூன்று வருடம் கழித்து காப்பீட்டு இணைப்பு வேலை ஒரு புது டெவலப்பரிடம் வருகிறது. ஒரே பெயர்ப் பெட்டியைப் பார்த்ததும், முன்பு இருந்தவர்கள் கவனக்குறைவாக விட்டுவிட்டார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். இரண்டாகப் பிரித்துவிடலாம் என்று கை போகும். அதற்கு முன் அந்த வரியை எழுதியது யார் என்று கேட்டுப் பார்க்கிறார்:

```
git blame -L 42,42 patient_form.py
git show 9f3c1ab
```

முதல் கட்டளை, கோப்பின் 42-ஆவது வரி எந்த மாற்றத்தில் வந்தது என்று சொல்லும். இரண்டாவது, அந்த மாற்றத்தின் குறிப்பைக் காட்டும். குறிப்பின் முதல் சொல்லாக HOSP-214 என்று இருந்தால் வழி திறந்துவிட்டது. டிக்கெட் எண் இல்லாமல் ‘பெயர் சரிசெய்தேன்’ என்று மட்டும் இருந்தால், எவ்வளவு நன்றாக எழுதிய முடிவாக இருந்தாலும் அதை யாரும் போய்ச் சேர முடியாது.

நம் டெவலப்பர் போய்ச் சேர்கிறார். ‘மறுபடி பார்ப்பது’ என்று குறித்த நேரம் இப்போது வந்துவிட்டது என்று புரிகிறது. பெட்டியைப் பிரித்தால் இரட்டை எண் பிரச்சினை திரும்பும் என்பதும் தெரிகிறது. ஆகவே பதிவுப் பக்கத்தை அவர் தொடவில்லை. காப்பீடு கோருபவர்களிடம் மட்டும், அந்தப் பக்கத்தில் குடும்பப் பெயரைத் தனியாகக் கேட்கிறார். பழைய கமெண்டின் லிங்க்கைக் கொடுத்து, எந்தப் பகுதி மாறியது என்று புது டிக்கெட்டில் எழுதுகிறார். பழைய முடிவு அவர் கையைக் கட்டிப்போடவில்லை. எதைத் தொட்டால் எது உடையும் என்று காட்டியது.

இந்த வடிவத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. 2011-இல் மைக்கேல் நைகார்ட் என்ற மென்பொருள் வல்லுநர், சூழல், முடிவு, விளைவுகள் என்று சில தலைப்புகளில் ஒவ்வொரு பெரிய முடிவையும் சிறு கோப்பாக எழுதி, நிரலோடு சேர்த்தே வைக்கச் சொன்னார். டிக்கெட் கமெண்டில் எழுதுவது அதன் எளிய வடிவம். விவாதம் நடந்த இடத்திலேயே முடிவும் இருக்கும் என்பது அதன் வசதி.

பெரிய அளவில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்க ‘கோ’ நிரல்மொழியின் 32437-ஆம் டிக்கெட்டைப் படிக்கலாம். பிழைகளைக் கையாள `try` என்ற புது வசதியைச் சேர்க்கலாமா என்று 2019 ஜூனில் தொடங்கிய விவாதம் அது. நூற்றுக்கணக்கான கமெண்டுகள் குவிந்தன. ஜூலையில், யோசனையை முன்வைத்த ராபர்ட் கிரீஸ்மரே அதைக் கைவிடுவதாக ஒரு கமெண்ட் எழுதி மூடினார். எதிர்ப்பு அதிகம் என்பதோடு அவர் நிறுத்தவில்லை. பிழை தேடும்போது நடுவில் அச்சு வரிகளைச் சேர்ப்பது கடினமாகும், சோதனை எந்தெந்த வரிகளைத் தொட்டது என்று அளப்பதும் சிக்கலாகும் என விவாதத்தில் தெரியவந்த குறைகளைப் பெயர் சொல்லிக் குறித்தார். இது தீர்க்க வேண்டிய பிரச்சினையே இல்லை என்று பலர் சொன்னதையும் பதிந்தார். இதே யோசனையோடு வேறொருவர் பின்னால் வந்தால், நூற்றுக்கணக்கான கமெண்டுகளையும் படிக்க வேண்டியதில்லை. அந்த ஒன்று போதும்.

எழுதும் நேரம் முக்கியம். முடிவெடுத்த அன்றே எழுத வேண்டும். ஒரு வாரம் போனால், விட்ட வழிகளுக்குச் சொன்ன காரணம் மறந்து, தேர்ந்த வழி தொடக்கத்திலிருந்தே ஒருமனதாக இருந்ததுபோல் நினைவு மாறிவிடும். எழுதியதை எதிர்த்தவரிடம் காட்டி, “உங்க பாயிண்ட் சரியா வந்திருக்கா?” என்று கேட்டுவிடுவது நல்லது. பிறகு முடிவு மாறினால் பழைய கமெண்டைத் திருத்தக் கூடாது. புதிதாக ஒன்று எழுதி, பழையதில் ‘இது மாறியது, கீழே பார்க்க’ என்ற வரியை மட்டும் சேர்க்கலாம். சாட்டில் நடந்த உரையாடலின் லிங்க்கைக் காரணமாக ஒட்டுவதும் வேண்டாம். பழைய செய்திகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் தானாக அழிக்கும்படி பல நிறுவனங்கள் அமைத்திருக்கின்றன. காரணத்தைச் சொல்லாகவே எழுத வேண்டும்.

கமெண்டுக்குக் கீழே தானியங்கிச் செய்திகள் குவிந்து அது புதைந்துவிடும். அதனால் டிக்கெட்டின் விவரப் பகுதியில், மேலேயே, ‘முடிவு இங்கே’ என்று அந்தக் கமெண்டின் லிங்க்கைப் போட வேண்டும். ஒரு முடிவு ஐந்தாறு டிக்கெட்டுகளைத் தொடும் என்றால் கமெண்ட் போதாது. நைகார்ட் சொன்னபடி தனிக்கோப்புதான் சரி. நிறுவனம் ஜிராவிலிருந்து வேறொன்றுக்கு மாறும்போது டிக்கெட் எண்களும் கமெண்ட் லிங்க்குகளும் உடையக்கூடும். மாறுவதற்கு முன் ‘முடிவு:’ என்று தேடி, கிடைத்ததையெல்லாம் பழைய எண்ணோடு சேர்த்து நிரல் இருக்கும் இடத்திலேயே ஒரு கோப்பில் போட்டுவைக்கலாம். எல்லாரும் ஒரே சொல்லில் தொடங்கி எழுதியிருந்தால் அது ஒரு மதிய நேர வேலை.