நம் மார்ச்சும் கம்பெனி மார்ச்சும்

திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலை கேன்டீன்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் அனுப்பும் வணிகர்கள் நம்மில் பலர். மாதம் முடிந்ததும் நம் கம்ப்யூட்டர் ஒரு தொகை காட்டும். கம்பெனியின் கணக்குப் பிரிவு வேறொரு தொகை அனுப்பும். உடனே கடைப் பையன் மீது சந்தேகம் கொள்கிறோம். அவசரப்படாமல் முதலில் தேதியைப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டுத் தலைமையகம் உள்ள கம்பெனிகள் சில, உள் கணக்கை வாரக் கணக்கில் முடிக்கின்றன. மூன்று மாதத்தை 4 வாரம், 4 வாரம், 5 வாரம் என்று பிரிப்பது ஒரு வழக்கம். இங்கே தயாராகும் ஐபோனுக்கு உரிய ஆப்பிள் நிறுவனத்தின் ஆண்டே செப்டம்பரின் கடைசிச் சனிக்கிழமையில்தான் முடிகிறது. அதனால் 2023-இல் அதன் ஆண்டுக்கு 53 வாரங்கள் வந்தன.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தினமும் 10,000 ரூபாய்க்குச் சரக்கு அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 2025 மார்ச்சில் நம் கணக்கு 31 நாள், 3,10,000 ரூபாய். கடைசிச் சனிக்கிழமையில் மாதத்தை முடிக்கும் கம்பெனிக்கு மார்ச் என்பது பிப்ரவரி 23 முதல் மார்ச் 29 வரை, 35 நாள், 3,50,000 ரூபாய். வித்தியாசம் 40,000. பிப்ரவரியின் கடைசி ஆறு நாள் 60,000 அவர்களிடம் கூடுகிறது. மார்ச் 30, 31 தேதிகளின் 20,000 அவர்களுடைய ஏப்ரலுக்குப் போகிறது. யாரும் தவறு செய்யவில்லை.

"13-ஆவது வாரப் பில்" என்று கேட்டாலும் எச்சரிக்கை தேவை. அந்த மார்ச் 30 ஞாயிற்றுக்கிழமை. எக்செல்லில் WEEKNUM என்று போட்டால், வாரம் ஞாயிறில் தொடங்குவதாகக் கொண்டு 14 என்று வரும். ISOWEEKNUM என்று போட்டால், வாரம் திங்களில் தொடங்குவதால் 13 என்று வரும். ஆகவே வார எண்ணை விட்டு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதி வாங்குங்கள். அவர்கள் எடுப்பது நம் பில் தேதியா, சரக்கு அவர்கள் கேட்டில் இறங்கிய தேதியா என்பதையும் கேளுங்கள். 31-ஆம் தேதி இரவு புறப்பட்ட வண்டி 1-ஆம் தேதி இறங்கினால் அதுவும் மாதம் மாறும்.

தொகையை ஒப்பிடுவதைவிட பில் எண்களை ஒவ்வொன்றாக டிக் அடிப்பதே நல்லது. விடுபட்ட பில்கள் எல்லாம் மாதத்தின் இரு ஓரங்களில் மட்டும் இருந்தால், அது தேதி வித்தியாசம். நடு மாதத்தில் ஒன்று விடுபட்டால், அதுதான் உண்மையில் தேட வேண்டிய பில்.

ஒத்துப் போகட்டும் என்று பில் தேதியை மட்டும் மாற்றிவிடாதீர்கள். ஜி.எஸ்.டி. கணக்கில் நம் பில் தேதி விழும் மாதமே மாதம். ஆண்டு முடிவில் பாக்கி உறுதிக் கடிதம் வாங்கும்போது "மார்ச் 31 அன்றுள்ள பாக்கி" என்று குறிப்பிட்டே கேளுங்கள். வாரக் கணக்கு எதுவானாலும், நம் நாட்டுக் கம்பெனிச் சட்டப்படியான கணக்கை அவர்களும் பொதுவாக அந்தத் தேதியில்தான் முடிக்க வேண்டும்.