4.8 பெரிதா, 4.63 பெரிதா?

4.8, 4.63: இந்த இரண்டில் எது பெரியது? தசம எண்களை இன்னும் ஊன்றிப் படிக்காத வகுப்பில் இதைக் கேட்டால், பல பிள்ளைகள் தயங்காமல் 4.63 என்பார்கள். எட்டைவிட அறுபத்து மூன்று பெரியதுதானே! அதே பிள்ளைகளிடம் 5.736, 5.62 என்ற இரண்டையும் காட்டினால், 5.736 பெரியது என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். அங்கும் காரணம் பழையதுதான்: 62-ஐவிட 736 பெரியது.

விடை சரியாக இருப்பதாலேயே பிழை ஒளிந்துகொள்ளும் இடம் இது. பாடத்தைத் தொடங்கும் முன் இருபது நிமிடம் ஆடும் ஓர் அட்டை விளையாட்டு அதை வெளியே கொண்டுவந்துவிடும்.

பழைய காலண்டர் அட்டையை வெட்டி, அட்டைக்கு ஓர் எண் எழுதினால் போதும். இரண்டிரண்டு பிள்ளைகளாக உட்கார வேண்டும். ஒரு ஜோடி அட்டைகளைத் தரையில் வைத்ததும், பெரியது என்று தோன்றுவதை ஒவ்வொருவரும் சிலேட்டில் மறைத்து எழுதுகிறார்கள். ஆசிரியர் கை தட்டியதும் சிலேட்டைத் திருப்பிக் காட்ட வேண்டும். விடை ஒன்றாக இருந்தால் அடுத்த ஜோடிக்குப் போகலாம். வேறுபட்டால் இருவரும் தங்கள் காரணத்தைச் சொல்லி, அந்த அட்டைகளை ‘வழக்கு’ என்று தனியே ஒதுக்குகிறார்கள். மறைத்து எழுதுவது முக்கியம். இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளையின் விடையே இருவர் விடையும் ஆகிவிடும். ஆசிரியர் எதையும் திருத்துவதில்லை. சுற்றி வந்து, “எப்படித் தெரியும்?” என்று மட்டும் கேட்கிறார்.

விளையாட்டின் உயிர் அட்டைகளின் தேர்வில் இருக்கிறது. 3.2, 3.7 என்று ஒரே நீளமுள்ள எண்களாகக் கொடுத்தால் எல்லாரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். எதுவும் தெரிய வராது. அதனால் இரண்டு வகை ஜோடிகள் வேண்டும். முதல் வகையில் குட்டையான எண் பெரியது: 4.8 / 4.63, 0.5 / 0.36, 2.7 / 2.516. இரண்டாம் வகையில் நீளமான எண் பெரியது: 5.736 / 5.62, 0.75 / 0.5, 0.426 / 0.3. ஒரே ஒரு ஜோடியில் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லிவிட முடியும் என்பதால், வகைக்கு மூன்றாவது தேவை.

இப்போது இரண்டு பிள்ளைகளைப் பாருங்கள். ஒருத்தி முதல் வகை மூன்றிலும் தவறி, இரண்டாம் வகை மூன்றிலும் சரியாகச் சொல்கிறாள். பக்கத்தில் இருப்பவன் நேர்மாறு. இருவருக்கும் ஆறுக்கு மூன்று மதிப்பெண். ஆனால் அவள் புள்ளிக்குப் பின்னால் வருவதை முழு எண்ணாகப் படிக்கிறாள். அவனோ, ஆயிரத்தில் ஒன்று நூறில் ஒன்றைவிடச் சின்னது என்று சரியாகக் கற்றதை நீட்டிக்கொண்டுபோய், ஆயிரத்தில் ஒன்றாம் இடம் வரை போகும் எண் எதுவானாலும் சின்னதுதான் என்று முடிவுகட்டியிருக்கிறான். இருவருக்கும் ஒரே விளக்கம் போதாது. மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்க்கும் ஆசிரியருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது. எந்த வகையில் தவறினார்கள் என்று பார்ப்பவருக்கே புரியும்.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் கே ஸ்டேசியும் விக்கி ஸ்டெய்ன்லியும் இப்படி ஜோடி ஜோடியாக எண்களை ஒப்பிடவைக்கும் ஒரு தேர்வை வைத்து ஆயிரக்கணக்கான மாணவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நீளமானதே பெரியது என்ற எண்ணம் வயது ஏற ஏறக் குறைந்தது. குட்டையானதே பெரியது என்ற எண்ணம் உயர்நிலைப் பள்ளியிலும் விடாமல் நீடித்தது.

இரண்டு வகையிலும் சரியாகச் சொல்லிவிட்டு, 4.45 / 4.4502 என்ற ஜோடியில் தடுமாறும் பிள்ளைகளும் உண்டு. தசம எண் அவர்களுக்கு ரூபாய், பைசாவாகவே தெரிகிறது. இரண்டு இடத்துக்கு அப்பால் இருப்பதற்கு மதிப்பே இல்லை. நம் ஊரில் கிரிக்கெட்டும் சேர்ந்துகொள்கிறது. 4.3 ஓவர் என்றால் நான்கு ஓவரும் மூன்று பந்தும். 4.5-க்கு அடுத்த பந்தில் ஐந்தாவது ஓவர் முடிந்துவிடும். அங்கே புள்ளிக்குப் பின் நிற்பது ஆறில் எத்தனை என்ற கணக்கு. பத்தில் எத்தனை என்பதல்ல. ஸ்கோர் பார்த்துப் பழகிய பிள்ளை 4.5-க்கு அடுத்தது 5 என்று சொன்னால், எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெரியும்.

மறுநாள் வழக்குக் குவியலை மீட்டர் அளவுகோலோடு பிரிக்கலாம். ஒரு மீட்டர் ஒன்று என்றால், பத்து சென்டிமீட்டர் பத்தில் ஒன்று, ஒரு சென்டிமீட்டர் நூறில் ஒன்று, ஒரு மில்லிமீட்டர் ஆயிரத்தில் ஒன்று. 0.5, 0.36 இரண்டுக்கும் காகிதப் பட்டைகளை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததும், 50 சென்டிமீட்டர் பட்டை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். 0.426, 0.3 பட்டைகளை அடுத்தபடியாக வைத்தால், குட்டையானதே பெரியது என்றவனும் தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்வான்.

பல வகுப்புகளில் இதற்குப் பதிலாக, “பின்னால் சைபர் போட்டு இடங்களைச் சமமாக்கு” என்ற குறுக்குவழியே சொல்லித்தரப்படுகிறது. 4.80, 4.63 என்று எழுதியதும் விடை சரியாக வந்துவிடும். முழு எண்ணாகப் படிக்கும் பழக்கம் அப்படியே தங்கிவிடும். அதைக் கண்டுபிடிக்க இன்னொரு கேள்வி இருக்கிறது: 0.34-க்கும் 0.35-க்கும் நடுவில் வேறு எண் உண்டா? இல்லை என்று சொல்லும் பிள்ளையை மீண்டும் அளவுகோலின் பக்கத்தில் உட்காரவைத்து, 34-ஆம் சென்டிமீட்டருக்கும் 35-ஆம் சென்டிமீட்டருக்கும் இடையில் உள்ள மில்லிமீட்டர் கோடுகளை எண்ணச் சொல்ல வேண்டியதுதான்.