அடுக்கியதைக் கலைக்காத வரிசை

ஆயிரம் விடைத்தாள்கள் பதிவெண் வரிசைப்படி மேசையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த நேரம் பார்த்து வேறொரு அறையிலிருந்து இன்னும் 24 தாள்கள் கலைந்தபடி வந்து சேர்கின்றன. ஆயிரத்தையும் கலைத்துப் போட்டு யாரும் முதலிலிருந்து தொடங்க மாட்டார்கள். புதிய 24-ஐ மட்டும் கையில் வைத்து ஒழுங்குபடுத்திவிட்டு, பெரிய கட்டுக்குள் அங்கங்கே சேர்த்துவிடுவார்கள்.

இந்தச் சாதாரண புத்தி கம்ப்யூட்டருக்குத் தானாக வராது, சொல்லிக் கொடுக்க வேண்டும். அப்படிச் சொல்லிக் கொடுத்த முறைதான் 'டிம்சார்ட்'. டிம் பீட்டர்ஸ் என்பவர் 2002-இல் பைத்தான் மொழிக்காக எழுதினார். பிறகு ஜாவா மொழியும் 2011-இல் வந்த ஏழாம் பதிப்பில் இதை எடுத்துக்கொண்டது. இது முற்றிலும் புதிய கருவி அல்ல. கல்லூரியில் முதலாண்டிலேயே படிக்கும் இரண்டு பழைய முறைகளை, ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும்படி சேர்த்த கூட்டு அது.

முதலாவது இன்செர்ஷன் சார்ட். சீட்டாடுகிறவர் புதிதாக வந்த சீட்டைக் கையிலிருக்கும் சீட்டுகளுக்கு நடுவே உரிய இடத்தில் செருகுவதைப் போன்றது. சின்னப் பட்டியலுக்கு இதை அடிக்க ஆளில்லை. 32 பெயர்கள் என்றால், ஒவ்வொன்றின் இடத்தையும் பாதி பாதியாகப் பிரித்துத் தேடினால் அதிகபட்சம் 129 ஒப்பீடுகள் போதும். செருக இடம்விட்டு மற்றவற்றைத் தள்ளும் வேலை சராசரியாக 248 நகர்த்தல்கள். அவையெல்லாம் நினைவகத்தில் பக்கத்துப் பக்கத்து இடங்கள் என்பதால் நொடியில் முடிந்துவிடும். ஆனால் பட்டியல் வளர்ந்தால் தள்ளும் வேலை பூதாகரமாகிவிடும். கலைந்த 1,024 பெயர்களுக்கு ஏறத்தாழ 2,62,000 நகர்த்தல்கள் வேண்டும்.

இரண்டாவது மெர்ஜ் சார்ட். ஜான் வான் நியூமன் 1945-இல் எழுதியது. ஏற்கெனவே அடுக்கிய இரண்டு கட்டுகளின் தலைத் தாள்களை ஒப்பிட்டு, சிறியதை எடுத்து வைத்துக்கொண்டே போனால் ஒரே கட்டாகிவிடும். பெரிய பட்டியலுக்கு ஏற்றது இதுதான். ஆனால் பாடப்புத்தக வடிவில் இது கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யும். பட்டியலைப் பாதி பாதியாக, ஒற்றைத் தாள் வரை பிரித்துவிட்டுத்தான் சேர்க்கத் தொடங்கும். பட்டியல் முழுக்க ஏற்கெனவே வரிசையில் இருந்தாலும் 1,024 உருப்படிகளுக்குக் குறைந்தது 5,120 ஒப்பீடுகளைச் செய்தே தீரும்.

டிம்சார்ட் பிரிப்பதில்லை, முதலில் பார்க்கிறது. பட்டியலின் தொடக்கத்திலிருந்து நடந்து, எதுவரை ஏறுவரிசை நீள்கிறது என்று அளக்கிறது. இப்படி இயல்பாகவே வரிசையில் அமைந்த துண்டுக்கு 'ரன்' என்று பெயர். இறங்குவரிசையில் ஒரு துண்டு இருந்தாலும் வீணில்லை. அதை அப்படியே தலைகீழாகத் திருப்பி ஏறுவரிசை ஆக்கிக்கொள்ளும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இறங்குவரிசைத் துண்டில் ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கண்டிப்பாகச் சிறியதாக இருக்க வேண்டும், சமமாக இருந்தால் துண்டு அங்கேயே முடிந்துவிடும். ஏன்? பெயர் வரிசையில் இருக்கும் மாணவர்களை மதிப்பெண் வாரியாக அடுக்குகிறோம் என்று வையுங்கள். அமுதாவும் பானுவும் 80 வாங்கியிருந்தால், அடுக்கிய பிறகும் அமுதாதான் முன்னால் நிற்க வேண்டும். சமமானவர்களைச் சேர்த்துத் திருப்பினால் பானு முன்னால் வந்துவிடுவார். சமமானவற்றின் பழைய முறையைக் குலைக்காத இந்தப் பண்புக்காகவே, எப்போதும் பக்கத்துப் பக்கத்து ரன்களை மட்டுமே டிம்சார்ட் இணைக்கிறது.

கலைந்து கிடக்கும் பகுதியில் இயல்பான ரன்கள் இரண்டு, மூன்று உருப்படிகளிலேயே அறுந்துவிடும். அவ்வளவு சின்னத் துண்டுகளை இணைத்துக்கொண்டிருந்தால் கட்டுபடியாகாது. இன்செர்ஷன் சார்ட் உள்ளே வருவது இங்கேதான். ரன் குட்டையாக இருந்தால், அடுத்து வரும் உருப்படிகளை அதற்குள் செருகி, ஒரு குறைந்தபட்ச நீளத்துக்கு வளர்த்துவிடும். பைத்தானில் பெரிய பட்டியல்களுக்கு இந்த நீளம் 32 முதல் 64 வரை.

அந்த நீளத்தைக் குத்துமதிப்பாக எடுப்பதில்லை. 2,112 உருப்படிகள் கலைந்து கிடக்கின்றன என்போம். 32 வீதம் எடுத்தால் 66 துண்டுகள். இரண்டிரண்டாக இணைத்துக்கொண்டே போனால், கடைசியில் 2,048 கொண்ட மலையோடு 64 கொண்ட மண்மேட்டை இணைக்க வேண்டிவரும். 33 வீதம் எடுத்தாலோ சரியாக 64 துண்டுகள், கடைசி வரை சம அளவிலேயே இணையும். ஒரே ஒரு எண்ணைக் கூட்டியதால் வந்த நன்மை இது.

சம அளவு ஏன் முக்கியம்? அந்த 64 துண்டுகளையும் முதல் துண்டோடு ஒவ்வொன்றாகச் சேர்த்தால், வளர்ந்துகொண்டே போகும் கட்டைத் திரும்பத் திரும்பத் தொட வேண்டும். மொத்தம் 68,607 தொடுகைகள். சமமாக இணைத்தால் ஆறே சுற்றில் 12,672-இல் முடியும்.

இனி நம் விடைத்தாள்களுக்கு வருவோம். ஆயிரம் தாள்களும் ஒரே ரன் என்று கண்டறிய ஏறத்தாழ ஆயிரம் ஒப்பீடுகள். மீதி 24-ஐச் செருகி அடுக்க அதிகபட்சம் 89. பிறகு இணைப்பு. இங்கே ஒரே கட்டிலிருந்து தொடர்ந்து ஏழு தாள்கள் வந்தால், ஒவ்வொன்றாக ஒப்பிடுவதை விட்டுவிட்டு 1, 3, 7, 15 எனத் தாவித் தாவி இடத்தைத் தேடும். ஆகவே ஒரு தாளுக்குச் சுமார் 15 ஒப்பீடுகளுக்குள் வேலை ஆகிவிடும். எல்லாம் சேர்த்தும் 2,000-ஐத் தொடாது. குருட்டு மெர்ஜ் சார்ட்டுக்குக் குறைந்தது 5,120. வெறும் இன்செர்ஷன் சார்ட்டானால் 24 தாள்களுக்கு இடம்விடவே ஏறத்தாழ 12,000 நகர்த்தல்கள்.

நிஜ உலகத் தரவுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. நேற்று அடுக்கிய பட்டியலின் வாலில் இன்றைய பதிவுகள், ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிய இரண்டு கோப்புகள், தேதி வாரியாக வந்து விழும் குறிப்புகள். முற்றிலும் கலைந்த தரவுக்கு டிம்சார்ட்டால் தனி லாபம் எதுவுமில்லை. இணைக்கும்போது பட்டியலில் பாதி அளவு வரை கூடுதல் நினைவகமும் கேட்கும். இதனால்தான் ஜாவா, பொருள்களின் பட்டியலுக்கு மட்டும் இதை வைத்துக்கொண்டு, வெறும் எண்களுக்கு வேறொரு முறையைப் பயன்படுத்துகிறது. இரண்டு 80-களில் எது முன்னால் நின்றாலும் எண்ணுக்கு வேறுபாடில்லையே.

இவ்வளவு கவனமாகச் செய்ததிலும் ஒரு பிழை பல ஆண்டுகள் ஒளிந்திருந்தது. காத்திருக்கும் ரன்களில் எதை எப்போது இணைப்பது என்ற விதி, மேலே இருக்கும் சிலவற்றை மட்டுமே சரிபார்த்தது. அதனால் கீழே விதி மீறப்பட்டால் தெரியாமல் போகும். 2015-இல் ஜாவா நிரலைக் கணித முறையில் மெய்ப்பிக்க முயன்ற ஆய்வாளர்கள், மெய்ப்பிக்க முடியாமல் போனபோதுதான் அதைக் கண்டார்கள். 6,71,08,864 உருப்படிகளைக் குறிப்பிட்ட விதமாக அமைத்துக் கொடுத்தால் ஜாவா நிரல் முறிந்து நின்றது. பிழை திருத்தப்பட்டது. பைத்தான் 2022-இல் வெளியான 3.11 பதிப்பிலிருந்து, இணைக்கும் முறைக்கு மட்டும் 'பவர்சார்ட்' என்ற மேம்பட்ட விதிக்கு மாறிவிட்டது. ரன்களைத் தேடுவதும், குட்டையானவற்றைச் செருகி வளர்ப்பதும் தொடர்கின்றன.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இதிலிருந்து ஒரு நேரடிப் பயன் உண்டு. அடுக்கிய பட்டியலில் புதிய பதிவுகள் சேரும்போது ஒவ்வொன்றையும் நீங்களே இடம் தேடிச் செருகிக்கொண்டிருக்க வேண்டாம். எல்லாவற்றையும் கடைசியில் மொத்தமாக ஒட்டிவிட்டு ஒருமுறை `sort()` சொல்லுங்கள். முன்னால் இருக்கும் ஒழுங்கை அது பார்த்துக்கொள்ளும்.